இருபத்தொன்றரை கிலோ

பெரம்பலூரில் பிசியோதெரபி படித்த காலத்தில் எங்கள் துறைத் தலைவரின் நோட்ஸ்தான் எங்களுக்கு வேதம். முழங்கையை மடக்கி, கையில் இரண்டு கிலோ டம்பெல் பிடித்தால் மூட்டில் எவ்வளவு விசை? அந்த நோட்ஸில் விடை இருபத்தொன்றரை கிலோ. எல்லாரும் நெட்டுரு போட்டோம். செந்துறைக்காரத் தோழி ஒருத்தி மட்டும் போடவில்லை.

தேர்வுக்கு முதல் நாள் அரியலூர் பஸ்ஸில் என் கையில் அவள் டிபன் கேரியரைக் கொடுத்து, மடக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

"டம்பெல் ரெண்டு கிலோ, முழங்கையிலேர்ந்து முப்பத்துமூணு சென்டிமீட்டர். பெருக்குனா அறுபத்தாறு. முன்கையோட எடை ஒன்றரை கிலோ, பதினாறு சென்டிமீட்டர்ல. இருபத்துநாலு. மொத்தம் தொண்ணூறு. தசை ஒட்டியிருக்கிறது அஞ்சே சென்டிமீட்டர்ல. அப்ப அது பதினெட்டு கிலோ இழுக்கணும், சரியா?"

"சரிடி."

"மேல இழுக்கிறது பதினெட்டு. கீழ இழுக்கிறது மூணரைதான். மிச்சத்தை யாருடி அமுக்குறது? மேல்கை எலும்பு. பதினாலரை. ஒன்னோட நோட்ஸ்ல பதினெட்டையும் மூணரையையும் கூட்டி வச்சிருக்காங்க."

எனக்கு நன்றாகவே புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க இன்றுவரை வழியில்லை.

மறுநாள் வாய்மொழித் தேர்வு, இரண்டிரண்டு பேராக. நானும் அவளும் சேர்ந்து போனோம். அவளுக்குத் திருச்சி மருத்துவமனை ஒன்றில் வேலை பேசி வைத்திருந்தார்கள், இந்தத் தேர்வில் தேறினால் போதும். வெளியூர்த் தேர்வாளர் அதே கேள்வியைக் கேட்டார். அவள் பதினாலரை என்றாள்.

பக்கத்தில் இருந்த துறைத் தலைவர் முகம் சுண்டியது. "என் நோட்ஸ் தப்புங்கிறியாம்மா?"

"கூட்டுனா எடையும் மேல இழுக்குதுன்னு ஆயிடும் சார்."

தேர்வாளர் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. எவ்வளவு?"

துறைத் தலைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்த்தை தானாக வந்தது. "இருபத்தொன்றரை சார். இவ சொல்றது தப்பு."

ஒரு வரி கூடுதலாகச் சொன்னேன். விடையை மட்டும் சொல்லியிருக்கலாம். 'இவ சொல்றது தப்பு' என்று ஏன் சேர்த்தேன் என்று நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவள் தேறவில்லை. திருச்சிக்காரர்கள் மறுதேர்வு வரை ஆறு மாதம் காத்திருக்கவில்லை. எங்கள் கல்லூரியிலிருந்தே வேறு ஆளைக் கேட்டார்கள். துறைத் தலைவர் என் பெயரைக் கொடுத்தார், நானும் வெட்கமில்லாமல் போய்ச் சேர்ந்தேன்.

மறுதேர்வு நடந்த அன்று சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்கு வந்திருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அவள். அவளே நகர்ந்து இடம் விட்டாள்.

"பாஸாயிடுவேன்," என்றாள். "அதே கேள்விதான் கேட்டாங்க."

"என்னடி சொன்ன?"

"இருபத்தொண்ணரை சார்னேன். நல்லா படிச்சிருக்கம்மான்னாரு நம்ம துறைத் தலைவரு."

அரியலூரில் நான் இறங்கும்வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.