போர்டு கழற்றிய குட்டி ஃபேன்

இசக்கிபாண்டிக்கு ஒரு வியாதி உண்டு. அவன் செய்து கொடுத்த பொருளை யாராவது "சரியில்லை" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. சான்றிதழும் ஒரு டப்பா திருப்புளிகளுமாக ஒரகடத்துக்கு வந்து சேர்ந்தவன். வடக்குப்பட்டில் வாடகைக்குப் பிடித்த லைன் வீட்டில் காலடி வைத்ததிலிருந்து மிக்ஸி, டார்ச், பக்கத்து அறை ஏசுவடியானின் பைக் ஹாரன் என்று எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. பாதி சரியாகும். மீதியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, ஏனென்றால் அவன் கூலி வாங்குவதில்லை.

சம்பளம் வாங்கிய வேலை வேறு. செல்போன் பேட்டரி கட்டும் கம்பெனியில் அவன் டெஸ்டிங் மேசையில் உட்கார்ந்திருந்தான். பேட்டரி என்று நாம் சொல்கிற அந்தச் சின்னப் பில்லைக்குள்ளே செல் ஒன்று, அதன் தலைமாட்டில் நகத்தை விடக் கொஞ்சம் நீளமாகப் போர்டு ஒன்று. செல்லுக்கு அளவு தெரியாது. கொடுத்தால் வாங்கிக்கொண்டே இருக்கும், கேட்டால் கொடுத்துக்கொண்டே இருக்கும். போதும் என்று சொல்வது போர்டின் வேலை. மின்னழுத்தம் அளவுக்கு மேல் ஏறினால் அது வழியை அடைத்துவிடும். அளவுக்குக் கீழே இறங்கினாலும் அடைத்துவிடும். இரண்டு முனையும் தெரியாமல் ஒட்டிக்கொண்டால் கண் இமைப்பதற்குள் அடைத்துவிடும். அப்படி அடைக்கிறதா என்று மெஷினில் வைத்துப் பார்ப்பான் இசக்கிபாண்டி. பச்சை விளக்கு எரிந்தால் ஒரு தட்டு, சிவப்பு எரிந்தால் இன்னொரு தட்டு. இதைத்தான் வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தான்.

அது 2012-ஆம் வருஷத்துக் கோடை. கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடியது. ஊரில் கரண்ட் விருந்தாளி மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா சரோஜாவுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த குழந்தை கனிஷ்கா. கரண்ட் போனதும் புடவைத் தூளியில் அது வியர்த்து நனைந்து, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி அழும். இசக்கிபாண்டிக்குப் பொறுக்குமா? பழைய செல்போன் பேட்டரி ஒன்று, பொம்மைக் காரின் மோட்டார், பிளாஸ்டிக் இறக்கை, சோப்பு டப்பா. குட்டி ஃபேன் தயார். கரண்ட் இருக்கும்போது பழைய செல்போன் சார்ஜரில் சொருகிவிட வேண்டியது, போனதும் தூளிக் கயிற்றில் கட்டி ஓடவிட வேண்டியது. கனிஷ்கா தூங்கினாள். தெருவே தூங்கியது.

கரண்ட் இரண்டு மணி நேரம் போன வரைக்கும் சிக்கலில்லை. மூன்று, நான்கு என்று நீண்டபோதுதான் சரோஜா அவன் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா ஃபேன்பா செஞ்சிக் குட்த்த? நல்லா சுத்திக்கினே கீது, டக்குனு நின்னுடுது. கொழந்த தூக்கிவாரிப்போட்டு எழுந்து கத்துது. சரியில்ல போ."

சரியில்லை. அந்த வார்த்தை எங்கே போய் இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியது.

ஏன் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாதா? செல் வற்றப்போகிறது, போர்டு வழியை அடைக்கிறது. பச்சைத் தட்டில் போட வேண்டிய நல்ல போர்டு. ஆனாலும் ஃபேனை வாங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் ஸ்டிக்கரைக் கிழித்து, போர்டைக் கழற்றி, ஒயரை நேராகச் செல்லிலேயே பற்றவைத்துக் கொடுத்தான். இப்போது ஃபேன் டக்கென்று நிற்கவில்லை. மெல்ல மெல்லக் களைத்து, குழந்தைக்குத் தெரியாமல் அடங்கியது. சரோஜாவுக்கு வாயெல்லாம் பல். மீன் குழம்பு வைத்த அன்று ஒரு கிண்ணம் அவன் அறைக்கு வந்தது. வெட்கமில்லாமல் சாப்பிட்டான்.

சில வாரம் கழித்து, காலை ஷிஃப்டுக்கு அவன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது சரோஜா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"இசக்கி, உன் பேட்டரி நல்லா சத்து ஏறிக் கொழுகொழுன்னு ஆய்க்கினு கீதுப்பா! டப்பா மூட மாட்டேங்குது, ரப்பர் பேண்டு போட்டு வச்சிக்கீறேன்."

"சரிக்கா, சாயந்தரம் பாக்கேன்," என்று கத்திவிட்டு பஸ்ஸில் தொற்றிக்கொண்டான். ஜன்னல் சீட்டு கிடைத்தது. தூங்கிப்போனான்.

அன்றைக்கு அவன் லைனுக்கு, கடைகளிலிருந்து திரும்பி வந்த கெட்ட பேட்டரிகள் ஒரு தட்டு வந்தது. குவாலிட்டி பார்க்கிற சசிகலா மேடம் அதில் ஒன்றை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். வயிறு உப்பிய பேட்டரி. ஸ்டிக்கரை உரித்தால் உள்ளே போர்டு இல்லை. யாரோ நேராக ஒயர் கொடுத்திருந்தார்கள்.

"எந்தப் புத்திசாலி செஞ்சதுன்னு தெரியல," என்றார் சசிகலா. "செல்லு உள்ள என்னா கீது? ரெண்டு தகடு, நடுவுல பேப்பர் மாதிரி ஒரு பிளாஸ்டிக். சுத்தி, பெட்ரோல் மாதிரி பத்திக்கிற ஒரு தண்ணி. போர்டு இல்லாம அடி வரைக்கும் உறிஞ்சிட்டா, உள்ள இருக்கற செம்பு கரைஞ்சிடும். மறுபடி சார்ஜ் போட்டா, கரைஞ்ச செம்பு கண்ட எடத்துல போய்ப் படியும். அந்தப் பிளாஸ்டிக்கைத் தாண்டி ரெண்டு தகடும் ஒட்டிச்சின்னா உள்ளுக்குள்ளயே ஷார்ட். சூடாகும். சூட்டுல இன்னும் கெட்டுப்போகும், கெட்டதால இன்னும் சூடாகும். அப்புறம் நாம நிறுத்த முடியாது. உப்பி இருந்தா உள்ள கேஸ் ரொம்பிட்டுதுன்னு அர்த்தம்."

காலையில் சரோஜா சொன்னது இசக்கிபாண்டிக்கு நினைவு வந்தது. கொழுகொழு.

"மேடம், அதை நேரா பழைய சார்ஜர்ல போட்டா?"

"சார்ஜரு அஞ்சு வோல்ட் குடுக்கும். செல்லுக்கு நாலு புள்ளி ரெண்டுதான் தாங்கும். போன்ல போட்டா போனு நிறுத்தும். போனும் இல்ல, போர்டும் இல்லன்னா யாரு நிறுத்துவா? ஏன் கேக்கற?"

இசக்கிபாண்டி மெஷினை நிறுத்தினான். ஃபேன், போர்டு, தூளி, ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் லைன் முழுக்கக் கேட்க ஒரே மூச்சில் சொன்னான். மீன் குழம்பை மட்டும் விட்டுவிட்டான்.

சசிகலா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "போர்டு வேலை செய்யுதான்னு பாக்கத்தானே உனக்குச் சம்பளம்?" என்று கேட்டபடியே கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். "மொதல்ல கொழந்தையத் தூக்கணும். அப்புறம் சுவிட்ச்சை அணைக்கணும். பேட்டரிய அழுத்தாத, குத்தாத. வெளிய மணல்ல போட்டுட்டுத் தள்ளி நில்லு. போ."

லாக்கரிலிருந்து செல்போனை எடுத்து சரோஜாவைக் கூப்பிட்டான். சுவிட்ச் ஆஃப். காலையிலேயே கரண்ட் போயிருக்கும். அவள் போனுக்கு எங்கிருந்து சார்ஜ்? அப்போதுதான் ஒன்று உறைத்தது. கரண்ட் இல்லாத வரைக்கும் அந்தப் பேட்டரியும் சார்ஜில் இல்லை. வந்த நொடியே சரோஜா சொருகிவிடுவாள், அதில் அவள் ரொம்பக் கறார்.

அதே ஷிஃப்டில் இருந்த ஏசுவடியானின் பைக்கை வாங்கிக்கொண்டு கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பறந்தான். தமிழ்நாடே கரண்ட் வரவேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கோடையில், கரண்ட் வரக்கூடாது என்று வல்லக்கோட்டை முருகனிடம் மன்றாடிய ஒரே பக்தன் அவனாகத்தான் இருப்பான். முருகனுக்கே கொஞ்சம் குழப்பமாக இருந்திருக்கும். வழியில் டீக்கடை ஃபேன் நின்றிருந்தது. நல்லது. சலூனில் விசிறிக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நல்லது. வடக்குப்பட்டு வளைவில் இருந்த வெல்டிங் பட்டறையில் நீல நிறப் பொறி சிதறியது.

ஜெனரேட்டராக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அந்தப் பட்டறையில் ஜெனரேட்டர் கிடையாது என்பது அவனுக்குத் தெரியும்.

சரோஜா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னா இசக்கி, இந்நேரத்துல?"

"அக்கா, ஃபேன் எங்க?"

"இப்பத்தான் கரண்ட் வந்து சார்ஜ் போட்டேன். கொழந்த தூங்குது, கத்தாத."

உள்ளே ஓடினான். தூளிக் கயிற்றிலேயே கட்டியிருந்த சோப்பு டப்பாவிலிருந்து ஒயர் சுவருக்குப் போயிருந்தது. நகப்பாலிஷ் மாதிரி ஒரு வாடை. உஸ்ஸென்று, பால் பொங்குவதற்கு முன்னால் வருகிற மாதிரி ஒரு சத்தம். அதற்கு நேர் கீழே கனிஷ்கா வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவளை அப்படியே வாரி, பின்னாலேயே வந்த சரோஜாவின் கையில் திணித்து, "வெளிய போங்கக்கா!" என்று கத்தினான். சுவிட்ச்சை அணைத்தான். அடுப்படி இடுக்கியால் டப்பாவின் ஓரத்தைப் பிடித்து, அதைக் கட்டியிருந்த நூலை அறுத்து, ஒயரைப் பிடுங்கி, கையை நீட்டியபடியே ஓடினான். புதுசாக ரூம் கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் போட்டுவிட்டு அவன் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் டப்பா படாரென்று வெடித்து, தீ ஓர் ஆள் இடுப்பளவுக்குச் சீறியது. ரப்பர் பேண்டு எங்கே போனதென்று தெரியவில்லை.

தீ எரிந்து அடங்கியது. இசக்கிபாண்டி தரையில் உட்கார்ந்து அழுதான். அது குழந்தை தலைக்கு மேலே நடந்திருந்தால் என்று நினைக்க நினைக்க அழுகை நிற்கவில்லை.

"அன்னிக்கி இன்னாவோ சின்னதா ஒண்ணு கய்ட்டுனியே, அது இன்னாது?" என்றாள் சரோஜா.

"இப்படி ஆகாம பாத்துக்கிடுறது."

"அத்த ஏன்டா கய்ட்டுன?"

"ஃபேன் சரியில்லன்னு சொன்னீங்கல்லாக்கா."

சரோஜா குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவனை அறையைக் காலி பண்ணச் சொல்வாள் என்று ஏசுவடியான் சொன்னான். இசக்கிபாண்டி பெட்டியைக் கட்டியும் வைத்திருந்தான்.

காலி பண்ணச் சொல்லி யாரும் வரவில்லை. கோடைதான் தொடர்ந்தது, கூடவே குழந்தையின் அழுகையும். அந்த வாரக் கடைசியில் சரோஜாவே வந்து நின்றாள்.

"இன்னொண்ணு செஞ்சிக் குடு. இந்த வாட்டி அந்தச் சின்னத கய்ட்டாத."

போர்டோடு செய்தான். அதற்குரிய சார்ஜ் சர்க்யூட் ஒன்றைக் கடையில் வாங்கி, நாலு புள்ளி இரண்டில் நிற்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, சார்ஜ் போடும் இடத்தைத் தூளியிலிருந்து எடுத்து வாசல் சிமெண்டுத் திட்டுக்கு மாற்றினான். பேட்டரி உப்பினால் உடனே தன்னைக் கூப்பிட வேண்டும், சார்ஜ் போடவே கூடாது என்று சரோஜாவிடம் நூறு தடவை சொன்னான். பிறகு தன் அறைக்குப் போய், சுவரில் காதை வைத்துக் காத்திருந்தான்.

கரண்ட் போய் வெகுநேரம் கழித்து, அந்தப் பக்கம் ஃபேன் டக்கென்று நின்றது. கனிஷ்கா தெருக்கோடி வரை கேட்கும்படி வீறிட்டாள். "எய்ந்துக்கிச்சிடா, வந்து தூக்குடா!" என்று சரோஜா சுவரைத் தட்டினாள். அந்த அழுகையை இசக்கிபாண்டி முழுசாக ஒரு நிமிஷம் கேட்டான். அவன் செய்த பொருள்களிலேயே இவ்வளவு சரியாக வேலை செய்தது வேறெதுவும் இல்லை. பிறகு எழுந்து போய்க் குழந்தையை வாங்கி, தோளில் போட்டுக்கொண்டு, கரண்ட் வரும்வரை தெருவில் நடந்தான்.