ஐந்நூறு யூனிட்டுக்குள்ளே

அம்மாவுக்கு இதயம் பலவீனம். உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்ற நீர் மாத்திரை சாப்பிடுகிறவள். போன கோடைக்கு முன் டாக்டர், "ராத்திரி வேர்த்து ஊத்தக் கூடாது, படுக்கிற அறை விடிய விடிய குளுமையா இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். கோச்சடையில் எங்கள் வீட்டில் அவள் படுக்கும் அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே. பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி முழுக்க அனலை இறக்கும்.

ஏசி கடையில் விற்பனையாளர் அப்பாவிடம் பொறுமையாகச் சொன்னார். "அண்ணே, தினம் எட்டு மணி நேரம் ஓடுற ரூமுக்கு இன்வெர்ட்டர்தான் சரி. ரூம் குளிர்ந்ததும் கம்ப்ரசர் வேகத்தைக் கொறைச்சுக்கிட்டு மெதுவா ஓடும். சாதா ஏசி ஓடுனா முழு வேகம், இல்லேன்னா நின்னுரும். ரெண்டு வருசத்துல கூடுதல் காசு கரண்டு பில்லுலயே வந்துரும்."

ஒரு டன் சாதா இருபத்தேழாயிரம், இன்வெர்ட்டர் முப்பத்தைந்தாயிரம். "ரெண்டு வருசம் யாரு காத்திருக்கது? அதுல எலக்ட்ரானிக் போர்டு போனா வேற தண்டம்" என்றார் அப்பா. எனக்குச் சுர்ரென்று வந்தது. கடையில் வைத்து என்ன பேச? சாதாதான் வீட்டுக்கு வந்தது.

எங்கள் வீட்டில் ஐந்நூறு யூனிட் என்பது லட்சுமணன் கோடு. இரண்டு மாதக் கணக்கு அதைத் தாண்டினால் யூனிட் விலையே ஏறிவிடும். அந்தக் கோட்டுக்குக் காவல் அம்மா. முந்நூறு ரூபாயைத் தாண்டாத பில், அந்தக் கோடையில் அறுநூற்று நாற்பது யூனிட், மூவாயிரத்துச் சொச்சம் என்று வந்தது. அம்மா பில்லை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ராத்திரி அறை குளிர்ந்ததும் ஏசியை அணைத்துவிட்டு, கதவைச் சாத்தினால் குளிர் நிற்கும் என்று அவளாக முடிவு கட்டியிருக்கிறாள். நாங்கள் எழுவதற்குள் வேர்வையில் நனைந்த நைட்டியை அலசிக் காயப்போட்டுவிடுவாள். ஒருநாள் காலையில் காபியோடு போனேன். உதடு வெடித்துக் கிடந்தாள். என்னை யாரென்று கேட்டாள். மாத்திரை ஒருபக்கம், வேர்வை ஒருபக்கம், உடம்பில் உப்பு இறங்கிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அவள் வீடு திரும்புவதற்குள், யாரும் கேட்காமலே அப்பா இன்வெர்ட்டர் வாங்கி மாட்டினார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் படித்துச் சொன்னேன். "அணைச்சு அணைச்சுப் போட்டா, சூடான ரூமைக் குளிரவைக்க மறுபடி முழு வேகத்துல ஓடும்மா. அது பாட்டுக்கு ஓடுனாத்தான் மிச்சம்." தலையாட்டினாள்.

அடுத்த பில் நானூற்று அறுபது யூனிட். கோட்டுக்குள் நின்றுவிட்டது. இனி பயமில்லை என்று ஓடிப்போய் அவளிடம் காட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவள் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

"இம்புட்டுத்தானா? அப்ப இன்னும் கொஞ்சம் கொறைக்கலாம்" என்றாள்.