அது அம்மாவின்ர பேப்பர்

பிற்பகல் நான்கு பத்துக்கு என் மகளின் மூச்சு இடறத் தொடங்கியது. அந்த நேரத்திலும் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இருபது வருடம் மணியைப் பார்த்தே வாழ்ந்த பழக்கம் போலும்.

மன்னாரின் கீரிக் கிராமத்தில் எங்கள் வீட்டின் முன்னறையில், யன்னலோரம் அவளுடைய கட்டில். கச்சான் காற்று திரைச்சீலையை உள்ளே ஊதிப் பெருக்கி மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. வெளிச்சம் முழுவதும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் ஆடியது. அவள் தலையணையில் கைகளை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது, காற்று உள்ளே போகவில்லை. இருபத்து மூன்று வயது. முழங்காலில் தொடங்கிய புற்றுநோய் நெஞ்சுக்குப் போய்விட்டது. இனி நோயைக் குணமாக்கும் மருந்து இல்லை என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள். என்னிடம்தான் சொன்னார்கள்.

நான் அம்புலன்சுக்குப் போன் அடித்தேன். அதில் வந்த உதவியாளர் கட்டிலருகே நின்று, "டீச்சர், பராமரிப்புத் திட்டம் ஏதும் எழுதி வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார். நோய் கூடினால் என்ன செய்வது என்று எழுதி, கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "சரி, ஆஸ்பத்திரிக்குத்தான்" என்றார்.

அந்தத் தாள் எப்படி எழுதப்பட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். இரண்டு கிழமைக்கு முன்னர், வீடு வீடாகப் போய் நோயாளரைப் பார்க்கும் தாதி வந்திருந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு இந்த நோய் வருத்தத்தைப் பற்றி என்ன விளங்கியிருக்கு? எது முக்கியம்? எதை நினைச்சுப் பயம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். எங்களிடம் அப்படித்தான். படுத்திருக்கும் ஆளை வருத்தக்கூடாது, பக்கத்தில் நிற்பவர் சொல்ல வேண்டும்.

"எல்லாம் செய்யோணும் மிஸ். எங்க வேணுமெண்டாலும் கொண்டுபோவம். கோயில் பாதரை இப்ப கூப்பிட வேண்டாம், அவர் வந்து எண்ணெய் பூசினா எல்லாம் முடிஞ்சுதெண்டு ஊர் நினைச்சுப்போடும்."

மகள் சிரித்தாள். "அம்மா, நீங்கள் என்ன என்ர ஸ்பீக்கரோ?"

நானும் சிரித்தேன். தாதி சிரிக்கவில்லை. "அடுத்த முறை பிள்ளையோட தனியக் கதைப்பம்" என்று சொல்லி, நான் சொன்னதை எழுதி, கடைசியில் 'தாயார் கூறியது, மீளப் பேச வேண்டும்' என்று சேர்த்தார். அந்தக் கடைசி வரியை நான் கவனிக்கவில்லை. மூச்சு முட்டலைத் தணிக்க அவர் தந்துவிட்டுப் போன மோர்பின் போத்தலை அலுமாரியில் பூட்டி வைத்தேன். அதைக் குடித்தால் கெதியாகப் போய்விடுவாள் என்று எனக்குள் ஒரு பயம்.

மன்னார் ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் தாளைப் பார்த்தார். ஒட்சிசன் போட்டார்கள். "இங்க தீவிர சிகிச்சைக்கு இடமில்லை, யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப ஆயத்தப்படுத்துறம். வழியில மூச்சுக்குத் தொண்டைக்குள்ள ரியூப் போட வேண்டி வரலாம்" என்றார். நான் தலையாட்டினேன். மகள் முகமூடியைக் கையால் விலக்கினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்து, "டொக்டர்... அது... அம்மாவின்ர பேப்பர்" என்றாள்.

டொக்டர் தாளைத் திரும்பப் பார்த்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். பிறகு கதிரையை இழுத்துக் கட்டிலருகே உட்கார்ந்து அவளிடம், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். அவள் நெஞ்சில் கைவைத்து மூச்சைத்தான் காட்டினாள். தோலுக்குக் கீழே மிகச் சின்ன அளவில் மோர்பின் ஏற்றினார்கள், ஒரு சிறு விசிறியை முகத்துக்கு நேரே வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய தோள்கள் இறங்கின. அலை வற்றிய கரைபோல் முகம் அமைதியானது. அவள் போய்விடவில்லை. எழுந்து கதைக்கக்கூட முடிந்தது. யாழ்ப்பாண வண்டியை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை தாதியும் டொக்டரும் அவளோடு தனியே கதைத்தார்கள். என்னை வெளியே மர வாங்கில் இருத்தினார்கள். வாசலில் இரண்டு கழுதைகள் எதையும் எதிர்பாராமல் வெயிலில் நின்றன. என் மகளின் குரல் கதவுக்கு அப்பால் மெல்லக் கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. அவள் பிறக்க முன்னர் வயிற்றுக்குள் அசைந்ததைக் கேட்க முயன்றதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு என்னையும் என் கணவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். அவர் மீன்பிடித்துவிட்டுக் கடலில் இருந்து நேரே வந்திருந்தார், சட்டையில் உப்பு காய்ந்திருந்தது. தாதி புதிதாக எழுதிய தாளை வாசித்தார்.

தனக்கு நோய் மாறாது என்று அவளுக்கு முன்னமே தெரியும். வீட்டில்தான் இருக்க வேணும், யன்னலோரம். மூச்சு முட்டினால் முதலில் நிமிர்த்தி இருத்தி, விசிறி, பிறகு எழுதிக் கொடுத்த அளவு மோர்பின். அதற்கும் அடங்காவிட்டால் மன்னார் ஆஸ்பத்திரி, ஆறுதலுக்காக மட்டும். குழாய், இயந்திரம், வேறு ஊர் வேண்டாம். மோர்பினால் வரும் மலச்சிக்கலுக்கு மருந்து மறக்கக்கூடாது. பாதரை இப்போதே கூப்பிட வேணும், அவள் விழித்திருக்கும்போது. அவளால் பேச முடியாமல் போனால் அவளுக்காகப் பேசுபவர்: அப்பா.

"ஏன் நான் இல்லை?" என்று கேட்டேன்.

"அம்மா பயத்தில கதைப்பா" என்றாள். "அப்பா கதைக்கவே மாட்டார். நான் சொன்னதை மட்டும் சொல்லுவார்."

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஓம்" என்றார்.

டொக்டர் கையெழுத்திட்டார். ஒரு பிரதி எங்களுக்கு, ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று தாதிக்கு. பழைய தாளின் குறுக்கே தாதி கோடு போட்டு, 'செல்லாது' என்று எழுதினார். "இதை எப்பவும் மாத்தலாம்" என்று மகளிடம் சொன்னார். என் கையில் புதிய மோர்பின் போத்தலைத் தந்து, "டீச்சர், இது உயிரைக் குறைக்கிற மருந்தில்லை. பயத்தைக் குறைக்கிறது. பூட்டுங்கோ, ஆனா திறப்பு உங்கட கழுத்தில இருக்கட்டும்" என்றார்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே பாதர் வந்து எண்ணெய் பூசினார். பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் பார்த்தார்கள். மகள் அவர்களுக்குக் கை காட்டி, "இன்னும் இருக்கிறன்!" என்றாள்.

ஒன்பது நாட்கள் அந்தத் திரைச்சீலை ஊதிப் பெருத்து விழுந்தது. பத்தாம் நாள் காலை ஆறரைக்கு மறுபடி மூச்சு இடறியது. அவளுடைய அப்பா கடலில். என் விரல் அம்புலன்ஸ் இலக்கத்துக்குத்தான் முதலில் போனது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கைபேசியைக் கீழே வைத்தேன். அவளை நிமிர்த்தி இருத்தினேன். யன்னலை முழுக்கத் திறந்தேன். கழுத்தில் தொங்கிய திறப்பால் அலுமாரியைத் திறந்தேன். குறித்த கோடு வரை மட்டும் மோர்பினை ஊசி இல்லாத குழாயில் இழுத்து அவளுடைய கன்னத்துக்குள் மெல்ல விட்டேன். பிறகு தாதிக்குப் போன் அடித்தேன். அவளுக்குப் பின்னால் கட்டிலில் ஏறி இருந்து என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டேன். அவள் மூச்சோடு சேர்ந்து நானும் எடுத்தேன், விட்டேன். இந்த மூச்சு எனக்குப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். அது என்னுடையதா அவளுடையதா என்றே சில நேரம் தெரியவில்லை.

தாதியின் ஸ்கூட்டர் வாசற் படலையில் வந்து நிற்கும்போது மூச்சு அடங்கத் தொடங்கியிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாடியைப் பார்த்தார், நான் கொடுத்த நேரத்தையும் அளவையும் கேட்டுக் குறித்தார். பின் கட்டிலருகே முழங்காலில் இருந்து, என் மகளின் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போகோணும் எண்டு இப்ப உங்களுக்கு இருக்கோ? இல்லாட்டி எழுதினது அப்பிடியே இருக்கட்டுமோ?"

என் வாயில் பதில் வந்தது. விழுங்கினேன்.

"இருக்கட்டும்" என்றாள் மகள்.

"சரி" என்றார் தாதி. "அப்ப நானும் கொஞ்ச நேரம் இங்க இருக்கிறன்."