வெள்ளிக்கிழமைப் பொட்டலம்

கோப்பாய் மருந்தகத்தில் நான் மருந்து கொடுப்பவளாக வேலை செய்த கடைசி ஆண்டில், பண்டத்தரிப்பிலிருந்து சண்டையால் இடம்பெயர்ந்து வந்த தாய் ஒருத்தி மூன்று வயது மகளைத் தூக்கி வந்தாள். பிள்ளைக்கு வலிப்பு. வலிப்பு மருந்தை நெடுநாள் குடித்தால் உடலில் விற்றமின் டி குறையும். கால்கள் வளையத் தொடங்கியிருந்தன.

டொக்டர் முதலில் தினமும் குடிக்க விற்றமின் டி துளிகளும் கல்சியக் குளிசையும் எழுதினார். பொருளாதாரத் தடையில் துளிகள் தீர்ந்தன. கொழும்பிலிருந்து வந்த தாயின் தமையன் இந்திய விற்றமின் தூள் பொட்டலங்கள் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். இனி எப்போது கிடைக்குமோ என்று முப்பது வாங்கியிருந்தார்.

ஒரு பொட்டலத்தில் அறுபதாயிரம் அலகு. அந்தப் பிள்ளை குடித்த துளிக் கணக்கில் அது ஒரு மாத மருந்து. இந்த விற்றமின் கொழுப்பில் சேமிக்கப்படுவதால்தான் வாரத்துக்கு ஒன்று போதும். அதே காரணத்தால் கூடிப்போனால் சிறுநீரோடு வெளியேறாது. டொக்டர் சொன்ன முறை: வாரம் ஒன்று, ஆறு வாரம், பிறகு நிறுத்திச் சோதனை, தேவையென்றால் சிறிய தின அளவு. இடையில் மீனெண்ணெயோ வேறு ரொனிக்கோ கூடாது.

பெட்டியை மருந்தகத்தில் வைத்துக்கொண்டோம். தாய் வெள்ளிதோறும் வந்து ஒன்றைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

"பெட்டிக்குக் காவலிருக்கிறியளோ, மிஸ்? உங்கடை சீதனமே?" என்று கேட்பாள்.

"ஓம், அதுக்குத்தான் இன்னும் கலியாணம் முடியேல்லை," என்பேன். பிள்ளையும் சிரிக்கும்.

நான்கு வெள்ளி போயின. ஷெல் சத்தம் நெருங்கியது. மருந்தகத்தை மூடச் சொன்னார்கள். பெட்டி அவர்களுடையது, தாய் கேட்டாள், கொடுத்தேன். இன்னும் இரண்டு மட்டும், அதுவும் வெள்ளியில் மட்டும், மிச்சம் டொக்டரிடம் என்று அவளைக் கொண்டே திருப்பிச் சொல்ல வைத்தேன். பிழையில்லாமல் சொன்னாள்.

மருந்தகம் மூடப்படவில்லை, சண்டை சற்றுத் தணிந்தது. ஆனால் தாய் வரவில்லை. சில வாரம் கழித்து வந்தபோது பிள்ளை தோளில் துவண்டு கிடந்தது. வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், ஓயாத சிறுநீர்.

"பொட்டலம் எத்தனை மிச்சம்?" என்று டொக்டர் கேட்டார்.

"ஒண்டுமில்லை, ஐயா."

"என்னம்மா சொல்லுறாய்?"

"பண்டத்தரிப்பாலை ஓடேக்கை மருந்தையெல்லாம் விட்டிட்டு வந்தனான். உந்தப் பொட்டலங்களையும் விட்டிட்டு ஓடவேண்டி வந்தால்? உடம்புக்குள்ளை இருந்தால் ஆரும் பறிக்கேலாது எண்டு நாளுக்கொண்டாக் குடுத்தனான். உடம்பு சேத்து வைக்கும் எண்டு மிஸ்தானே சொன்னவ."

சொன்னேன். சேர்ந்தது வெளியே போகாது என்றும் சொல்லியிருந்தேன்.

விற்றமின் டி மிகுந்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறும். அதை அளக்கப் பெரியாஸ்பத்திரியிலும் இரசாயனம் இல்லை. பிள்ளையின் சிறுநீரைக் குழாயில் எடுத்து, கல்சியத்தோடு சேர்ந்தால் வெண்மையாகும் ஒக்சலேட் கரைசலை விட்டேன். இலேசாக மங்கினால் சரி. விட்டவுடனே பால்போலத் திரண்டது.

"உள்ளை போனதை எடுக்கேலாதோ, மிஸ்?" என்றாள் தாய்.

எடுக்கும் மருந்து இல்லை. செய்யக்கூடியவை இவை: விற்றமினையும் கல்சியக் குளிசையையும் நிறுத்துவது, பாலைக் குறைப்பது, சேலைன் ஏற்றுவது, குடல் கல்சியத்தை உறிஞ்சுவதைக் குறைக்கப் பிரட்னிசொலோன் கொடுப்பது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். நீர் குறைந்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறும், ஏறினால் சிறுநீரகம் இன்னும் நீரை வெளியே விடும். கொழுப்பிலிருப்பது கரைய மாதங்கள் ஆகும்.

சில நாட்களில் வாந்தி நின்றது. குழாயில் வெண்மை மெலிந்தது. ஒருநாள் பிள்ளை என்னிடம் தண்ணீர்ப் போத்தலைத் தானே கேட்டு வாங்கிக் குடித்தது.

அந்த வாரமே சண்டை மீண்டும் நெருங்க, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் நீரேரிக்கு அப்பாலுள்ள தென்மராட்சிக்குக் கிளம்பியது. நானும் அந்தச் சனத்துக்குள் நடந்தேன். நாவற்குழிப் பாலத்தைக் கடக்கப் பலருக்கு ஒரு நாளுக்கு மேலானது.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது தாயைக் கண்டேன். அவள் கையில் பிள்ளை இல்லை.

"உடுப்பெல்லாம் விட்டிட்டுத் தண்ணிதான், மிஸ், காவினனான். நாலு போத்தல். பாலத்துக்குக் கிட்ட முடிஞ்சுது. சனம் அசையேல்லை. ஆரிட்டையும் தண்ணியில்லை. பிள்ளை கேட்டுக் கேட்டே கண்ணை மூடிட்டாள்."

அவளை மர வாங்கில் இருத்தினேன்.

பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் இதே பொட்டலங்கள் வந்தன. ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் என் முன்னால் கரைத்து, பிள்ளை விழுங்கிய பிறகே அனுப்பினேன். ஒரு தகப்பன் சண்டை பிடித்தார்:

"எங்களை நம்பேல்லையோ, மிஸ்? நாளைக்கு எங்கை நிப்பமோ தெரியாது."

"அதுக்காகத்தான் அண்ணை," என்று அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.