நீலத்துக்குள் நீலம்

என் தங்கை நாற்பதைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டாள். காலையில் தாலி, அதற்கு அம்மா வாங்கிய அரக்குப் பட்டு. அதில் பேச்சுக்கு இடமில்லை. மாலை விருந்து மட்டும் அவளுடையது. அதற்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்று: தலை முதல் கால் வரை நீலம்.

"நீலமா?" என்றார் அம்மா. "சரி, கட்டிக்க. ஆனா கறுப்பா மட்டும் தெரியக் கூடாது. கல்யாண வீட்டுல கறுப்பு வேணாம். நல்லா இல்லன்னா என்னோட இன்னொரு செவப்பு இருக்கு."

அந்த இன்னொரு சிவப்பு அலமாரியில் பொறுமையாகக் காத்திருந்தது. தங்கைக்கு அதைப் பார்த்தாலே முகம் சுருங்கும்.

ஜுருவில் பிளாஸ்டிக் குடுவை செய்யும் தொழிற்சாலையில் நிறம் சரிபார்க்கும் பகுதிக்கு அவள் தலைவி. விளக்குப் பெட்டிக்குள் மூடியையும் குடுவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இம்மி வேறுபட்டாலும் ஒதுக்கிவிடுவாள். அந்தக் கண்ணோடுதான் கல்யாணத் துணியும் எடுத்தாள். எங்கள் ஊர்த் தமிழ்க் கடைத்தெருவான லிட்டில் இந்தியாவில் வழவழப்பான மென்பட்டுச் சேலை ஒன்று, கடல் கறுக்கும் முன் இருக்கும் நடு நீலம். அதே துணியில் ரவிக்கை. அதே நீலத்தில் வளையல், அதே நீலத்தில் செருப்பு. ஒவ்வொன்றுக்கும் சேலையின் ஓரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடை கடையாக அலைந்தாள். நானும் பின்னாலேயே அலைந்தேன். எனக்கு அலைவது பிடிக்கும். வாசல்தோறும் வேறொரு பாட்டு, வேறொரு மசாலா வாசனை.

ரவிக்கை தைத்து வந்த அன்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

"அக்கா, நான் எப்படி இருக்கேன், உண்மையச் சொல்லு."

எங்கே ரவிக்கை முடிகிறது, எங்கே சேலை தொடங்குகிறது என்று தெரியவில்லை. மடிப்பெல்லாம் மறைந்து, ஒரே அச்சில் வார்த்து எடுத்த மாதிரி இருந்தாள்.

"ஷாம்பூ போத்தல் மாதிரி இருக்கேன் லா," என்றாள் அவளே. "மூடி, குடுவை எல்லாம் பாஸ்."

சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் கண் அலமாரிப் பக்கம் போனது. "அம்மாவோட செவப்பே கட்டிக்கிறேன் க்கா. விடு."

விடுவதா? எத்தனையோ வருடம் மற்றவர்களின் கல்யாணத்துக்கு அவர்கள் சொன்ன நிறத்தில் வந்து நின்றவள். சேலையைப் பையில் திணித்தேன். அவளை இழுத்துக்கொண்டு மறுபடி லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு நடந்தேன்.

சேலை விற்ற கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் மார்பை நிமிர்த்தினார். "என்ன தங்கச்சி, மேச்சிங் எப்படி? ஒரு நூல் வித்தியாசம் இருக்கா சொல்லுங்க பாப்போம்!"

"இல்ல ண்ணே. அதுதான் பிரச்சன," என்றாள் தங்கை.

அவருக்குப் புரியவில்லை. வாழ்நாள் முழுக்க மேச்சிங் செய்து கொடுத்தவரிடம் மேச்சிங் வேண்டாம் என்றால்? "அப்ப ஒரு ரோஸ் கலர் ரவிக்க போடுங்க, தூக்கிக் காட்டும்," என்றார்.

"நீலம்தான் ண்ணே. வேற நீலம்," என்றேன் நான்.

முதலில் அவள் தேர்ந்தெடுத்தது சேலையைவிட ஒரு மயிரிழை ஆழமான நீலம். துணிக்கட்டைத் தூரத்தில் வைத்துப் பார்த்தேன். மேச்சிங்குக்குப் போய்த் தவறிவிட்டதுபோல் இருந்தது. அவளும் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அவள் முகத்தில் ஏதோ ஒன்று திறந்தது.

"கொஞ்சம் தப்பினா ரிஜெக்ட். நல்லா தள்ளிப் போயிட்டா, வேணும்னே செஞ்சதுன்னு தெரியும். இல்லக்கா?"

அப்புறம் கடை எங்கள் கையில் இல்லை, அவள் கையில் இருந்தது. நீலக் கட்டுகளெல்லாம் மேசைக்கு இறங்கின. வெளிர், நடு, ஆழம் என்று தள்ளித் தள்ளி வைத்தாள். பச்சைப் பக்கம் சாயும் நீலங்களைத் தயங்காமல் ஒதுக்கினாள். "நம்ம சேல கொஞ்சம் ஊதாப் பக்கம் ண்ணே. அந்தக் குடும்பம் மட்டும் வரட்டும். மத்தது உள்ள வந்தா சண்ட போடும்."

"கல்யாணமே இன்னும் ஆகல, அதுக்குள்ள சண்டயா?" என்றார் அவர்.

நான் விரலால் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் வழவழப்பாக இருந்தால் எத்தனை நீலம் வைத்தாலும் ஒளி ஒரே மாதிரிதான் வழுக்கிக்கொண்டு போகும். "சொரசொரப்பா ஏதாவது இருக்கா ண்ணே?" நூல் முடிச்சுகள் தடித்துத் தெரியும் நீலக் கச்சாப்பட்டு ஒன்றை எடுத்தார். சேலையைவிட நன்றாகவே ஆழமான நிறம். ரவிக்கைக்கு அது. அதன் கை நுனியில் பட்டையாக வைக்க, ஒளியை விழுங்கிக்கொள்ளும் வெல்வெட், நள்ளிரவு நீலம். முந்தானை விளிம்புக்குக் காற்றைப் போல மெல்லிய ஒரு முழ ஆர்கன்சா, மிக வெளிர். நான்கும் மேசையில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தபோது, அதே நடு நீலச் சேலைக்கு முதல்முறையாக உடம்பு வந்தது. ஒன்று மின்னியது, ஒன்று குடித்தது, ஒன்று கசிந்தது.

"நாசி கெராபு மாதிரி இருக்கு," என்றாள். மலாய்க் கடைகளின் சங்குப்பூ நீலச் சோற்றை நினைத்துக்கொண்டு சொன்னாள். பசி வேளை.

வெட்டச் சொல்லப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு க்கா. இது வெள்ள லைட்டு."

கட்டுகளை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பகல் வெளிச்சத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தன. "மண்டபத்துல மஞ்ச லைட்டு," என்றாள். கடைக்காரர் முனகிக்கொண்டே மூலையில் பொம்மைக்கு மேலிருந்த மஞ்சள் விளக்கைப் போட்டார்.

வெல்வெட் கறுப்பாகிவிட்டது. சந்தேகமே இல்லாத கறுப்பு.

எனக்கு அம்மாவின் முகம் வந்து போனது. கல்யாண மேடையில், இரண்டு கையிலும் கறுப்புப் பட்டை!

"செவப்புதான் போல," என்று தொடங்கினேன்.

"யாரு சொன்னா?" என்றாள் தங்கை. அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அது தொழிற்சாலையில் மட்டும் இருக்கும் குரல் போல. "ண்ணே, இதே வெல்வெட், ஒரு படி வெளிரா இருக்கா?"

இருந்தது. பரணில், பிளாஸ்டிக் உறைக்குள். மஞ்சள் விளக்கின் அடியில் அது ஆழமாக, ஆனால் நீலமாகவே நின்றது. ரவிக்கைப் பட்டோடு ஒட்டிவிடுமோ என்று இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். நெருங்கிய நிறம்தான். ஆனால் ஒன்று முடிச்சு முடிச்சாக வெளிச்சம் பிடிக்க, மற்றது மொத்தையாக உள்வாங்க, இரண்டும் தனித்தனியே தெரிந்தன.

"இப்ப வெட்டுங்க," என்றாள்.

விருந்தன்று மண்டப வாசலில் அம்மா காத்திருந்தார். மேலும் கீழும் பார்த்தார். மெல்ல அவள் கையைப் பிடித்து, அந்த வெல்வெட் பட்டையை மேலே தடவினார், கீழே தடவினார்.

"பூனக்குட்டி மாதிரி இருக்குடி," என்றார். விடவே இல்லை.

அதன்பிறகு வந்தவர்களும் அப்படித்தான். வாழ்த்து சொல்லக் கை கொடுத்தவர்கள் கையை எடுக்க மறந்தார்கள். சித்தி முந்தானை விளிம்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். அவளோடு வேலை செய்யும் பெண்கள் ரவிக்கையின் முடிச்சுகளை விரலால் எண்ணுவதுபோல் தொட்டு, "இது டிஃபெக்ட் ஆ மேடம்?" என்று சீண்டினார்கள். "டிஃபெக்ட்தான். நான் பாஸ் பண்ணிட்டேன்," என்றாள் அவள், தோளை நிமிர்த்தி.

மேடையில் மாப்பிள்ளை நிழற்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையின் வெளிர் நுனி அவருடைய கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே இருந்தது. அதை உருட்டிக்கொண்டே இருந்தார், தெரியாமலே. தங்கை ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள். கையை எடுக்கச் சொல்லவில்லை.