தாவாரத் தண்ணீர்

மண்டைதீவு றெஜினாவுக்கு வாய் நீளம். நண்டு விற்கிற இடத்தில் அவளிடம் விலை குறைத்தவர் கிடையாது. பக்கத்து வளவில் இருக்கிற கூடப்பிறந்த அண்ணன் எமில்ராஜோடு மட்டும் அவள் பல வருடங்களாகக் கதைப்பதில்லை. அவளுடைய கூரைத் தாவாரத்தில் வழிகிற தண்ணீர் தன் வளவில் விழுந்து சேறாகிறதென்று அவர் சண்டை பிடித்ததில் வந்த பகை அது.

யூன் மாதத்தில் அவளுடைய கிணறு உப்பாகிவிடும். வீட்டிலோ ஐந்து பேர். மழைநீர்த் தொட்டி கட்டித் தருகிறோம் என்றார்கள் ஒரு தொண்டு நிறுவனத்தார். அளக்க வந்த டிலக்ஷன் கூரைச் சரிவை அளக்கவில்லை; தாவாரத்துக்குத் தாவாரம் நிலத்தில் நாடாவைப் பிடித்தான். ஆறு மீற்றருக்கு ஐந்து, முப்பது சதுர மீற்றர்.

"மாரியிலை எண்ணூறு மில்லிமீற்றர் பெய்யும், அக்கா. தெறிச்சும் கழுவியும் போறதுக்குப் பத்திலை ரெண்டைக் கழிச்சால், பத்தொன்பதாயிரம் லீற்றர் வரும். தலைக்குப் பதினைஞ்சு லீற்றர்படி மழையில்லாத எட்டு மாசத்துக்குப் பதினெண்ணாயிரம் வேணும். சரியாக் காணும்."

பெடியன் குரலைத் தாழ்த்தியிருக்கலாம். வேலிக்கு அப்பால் எமில்ராஜ் நிமிர்ந்தார்.

"பாதிக் கூரை என்ரை பக்கம் ஊத்துது. அது என்ரை தண்ணி. தண்ணி பிடிக்கிற பீலி போட விடமாட்டன்."

நேற்றுவரை சேறு, இன்று சொத்து. றெஜினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ரை பக்கத்துக்கு மட்டும் சின்னனாக் கட்டுங்கோ, தம்பி."

"கட்டலாம். ஆனால் யூன் பிறந்த கையோடை தண்ணி முடிஞ்சிடும். பெரிசுக்கு ஆறேகால் கன மீற்றர் கொங்கிறீற் போகும். தண்ணி பாதியானாலும் இதுக்கு நாலு வேணும். சுவரும் அடித்தளமும் பாதியாக் குறையாது."

கிணறு உப்பாகும் நேரம் பார்த்துத் தொட்டியும் வற்றினால் கட்டி என்ன பயன்? அவள் வேலியைப் பார்த்தாள். அண்ணனின் வீடு ஓலைக் கூரை. அதில் வழிகிற தண்ணீர் தேத்தண்ணி நிறம், குடிக்க உதவாது. அங்கே அவரும் மனைவியும்.

"ஏழு பேருக்கெண்டால்?"

"கூரை வளராது, அக்கா. தொட்டி அதேதான். தலைக்குப் பத்து லீற்றர். குடிக்க, சமைக்க மட்டும்."

"ஏழெண்டு போடுங்கோ."

மறுநாள் எமில்ராஜ் தன் பக்கப் பீலிக்குத் தானே ஏணி வைத்துக் கொடுத்தார்.

மாரி குறை வைக்கவில்லை; தொட்டி நிறைந்தது. அண்ணனும் தங்கையும் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். காலையில் அவர் வாளியோடு வருவார், அவள் குழாயைத் திறப்பாள், அவ்வளவுதான்.

ஓகஸ்ட் கடைசியில் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியது. அன்று எமில்ராஜ் வாளியை விட்டுவிட்டு ஒரு சின்னச் செம்போடு வந்தார்.

"பிள்ளையளுக்குத் தண்ணி போதாமல் போயிடும்," என்றார் நிலத்தைப் பார்த்தபடி.

றெஜினா உள்ளே போய்த் தன் வாளியை எடுத்து வந்து, விளிம்புவரை நிரப்பி அவர் கையில் கொடுத்தாள்.

"தலைக்குப் பத்து. உங்கடை பங்கைக் குறைக்க நீங்கள் ஆர், அண்ணை?"