தலைமையாசிரியருக்கு ஐந்துக்கு ஐந்து

சேலம் டவுனில் ஆரோக்கியசாமி சாருக்கு விரோதிகள் என்று யாருமே கிடையாது. நாற்பத்து மூன்று வயது வரைக்கும் யாரிடமும் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லாமல் காலம் தள்ளியவருக்கு விரோதி எங்கிருந்து வருவான்? பங்குச் சாமியார் பாடற்குழுவுக்கு வரச்சொன்னால், தொண்டை கட்டியிருந்தாலும் போவார். தலைமையாசிரியர் தண்டாயுதபாணி மழை வரும் என்றால் வெயிலில் குடையோடு நிற்பார். மனைவி சகாயம்மாள் மட்டும், "உங்களுக்கு முதுகெலும்பு இருக்குதான்னு ஒரு தடவை டாக்டருகிட்ட காட்டணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கும் அவர் சரியென்று தலையாட்டினார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் ஒரு தேர்வைப் புதிதாகச் செய்யும் வேலை வந்து விழுந்தது.

1963 மே மாதம். கோடை விடுமுறையில் அவருடைய உயர்நிலைப் பள்ளியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆங்கிலப் பயிற்சி முகாம் நடந்தது. கிழக்கே கெங்கவல்லியிலிருந்து மேற்கே சங்ககிரி வரை நாற்பது பேர் வந்திருந்தார்கள். முடிவில் ஆங்கிலத்தில் பேசிக்காட்டித் தேற வேண்டும். தேறாதவர் ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்க முடியாது. அவருடைய இடத்துக்குத் தேறியவர் ஒருவர் வருவார், இவர் எங்கே காலியோ அங்கே போக வேண்டியதுதான்.

போன வருடத்துத் தேர்வு எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். தலைப்புகள் ஐந்தே ஐந்து. பசு, தபால்காரர், ரயில் நிலையம், என் பள்ளி, எனக்குப் பிடித்த தலைவர். கடைவீதியில் நோட்ஸ் விற்றது. வந்தவர்கள் எல்லோரும் ஒரே பசுவைக் கறந்தார்கள். எல்லாப் பசுவுக்கும் ஒரே நாலு கால், ஒரே வால், ஒரே இடத்தில் ஒரே இருமல். சத்தமாகவும் வேகமாகவும் கறந்தவருக்கு எட்டு, மெதுவாகக் கறந்தவருக்கு மூன்று. தேறிப்போன ஒருவரிடம் பள்ளி ஆய்வாளர் ஆங்கிலத்தில் மணி என்ன என்று கேட்டிருக்கிறார். அவர் பசுவின் பயன்களைச் சொன்னாராம். மறுவாரமே மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது.

"ஆரோக்கியசாமி, நீரே புதுசா ஒண்ணு பண்ணும்யா. மேலே காட்டற மாதிரி இருக்கணும்" என்றார் தண்டாயுதபாணி.

ஆச்சரியம் என்னவென்றால், ஆரோக்கியசாமி அதை நன்றாகவே பண்ணினார். பன்னிரண்டு அட்டைகள் எழுதினார். 'பசுவைப் பற்றிப் பேசு' என்று ஒன்றிலும் இல்லை. 'உங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வண்டி நின்றுவிட்டது. என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள்?' என்று ஒரு அட்டை. 'புதிதாக வரும் ஆசிரியருக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து உங்கள் பள்ளிக்கு வழி சொல்லுங்கள்' என்று இன்னொன்று. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடித்துவிடக்கூடிய கேள்விகளை அடித்தார். தெரிந்த விஷயமாக இருக்கவேண்டும், ஆனால் மனப்பாடம் செய்துவைத்திருக்க முடியாததாக இருக்கவேண்டும். பேசி முடித்ததும், பேசியதிலிருந்தே அட்டையில் இல்லாத இரண்டு கேள்விகள் கேட்கவேண்டும். பக்கத்துத் தெரு வாத்தியார்கள் மூன்று பேரை வைத்துச் சோதித்துப் பார்த்து, அவர்கள் விழித்த இரண்டு அட்டைகளைக் கிழித்துப்போட்டு வேறு எழுதினார்.

மதிப்பெண்ணை மூன்றாகப் பிரித்தார். சரளம், பிழையின்மை, சொல்வளம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து, கூட்டினால் பதினைந்து, தேற எட்டு. சரளம் என்றால் வேகம் இல்லை என்று அடிக்கோடிட்டார். யோசிக்க நின்றாலும் பேச்சு அறுந்துபோகாமல் தொடர்ந்தால் மூன்று. பிழை இருந்தும் சொல்லவந்தது புரிந்தால் இரண்டுக்குக் கீழே போகக்கூடாது. சொல்வளத்துக்குத்தான் அதிகம் மெனக்கெட்டார். பாடம் செய்த வாக்கியம் மட்டும் வந்தால் ஒன்று, தெரிந்த விஷயத்தைச் சொந்தச் சொல்லில் சொன்னால் மூன்று, ஒரு சொல் தெரியாதபோது வேறு வழியில் அதைப் புரியவைத்தால் நான்கு, எது கேட்டாலும் ஈடுகொடுத்தால் ஐந்து. இரண்டு பேர் தனித்தனியாகப் போடவேண்டும். எந்த ஒன்றிலாவது இரண்டு மதிப்பெண் வித்தியாசம் வந்தால், எல்லோரும் முன்கூட்டியே ஒன்றாக மதிப்பெண் போட்டுவைத்த மாதிரித் தாளை எடுத்துவைத்துக்கொண்டு பேசித் தீர்க்கவேண்டும்.

அந்த மாதிரித் தாளில்தான் சனியன் வந்து உட்கார்ந்தது.

தேர்வுக்கு முந்தின நாள், ஆறு பரிசோதகர்களும் ஒரே பேச்சைக் கேட்டு, மதிப்பெண் போட்டு, அளவுகோலை ஒரே மாதிரிப் பிடிக்கப் பழகவேண்டும் என்று ஏற்பாடு. பேசுவதற்கு ஒரு ஆள் தேவை. "நானே பேசறேன்" என்று எழுந்தார் தண்டாயுதபாணி.

பேசினார். 'ஒழுக்கத்தின் மேன்மை.' பதினான்கு வருடமாக ஆண்டுவிழாவில் அவர் நிகழ்த்தும் அதே ஆங்கில உரை. பள்ளிக்கூடத்து வாட்ச்மேனுக்குக்கூட இரண்டாம் பத்தி வரை மனப்பாடம். ஆறு நிமிடம் ஆறு மாதிரி ஓடியது. முடிந்ததும் ஆரோக்கியசாமி தம் விதிப்படியே ஒரு கேள்வி கேட்டார்: "உங்கள் பள்ளியில் ஒரு ஆசிரியர் தினமும் தாமதமாக வந்தால் என்ன செய்வீர்கள்?" தண்டாயுதபாணி ஒரு கணம் கூரையைப் பார்த்தார். பிறகு மூன்றாம் பத்தியை மறுபடியும் ஒப்பித்தார். இரண்டாவது கேள்விக்கு ஐந்தாம் பத்தி வந்தது.

ஆறு பேரும் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். அளவுகோலில் கறுப்பு மையில் எழுதியிருக்கிறது, பாடம் செய்த வாக்கியம் என்றால் ஒன்று. தண்டாயுதபாணி புன்னகையோடு கேட்டார்: "என்ன ஆரோக்கியசாமி, எவ்வளவு?"

"மூணுலயும் அஞ்சுக்கு அஞ்சு சார்."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. நாற்பத்து மூன்று வருடப் பழக்கம், கேள்வி முடிவதற்குள் முந்திக்கொண்டு வந்துவிட்டது. மற்ற ஐந்து பேரும் நிம்மதியோடு அதையே எழுதினார்கள். மாதிரித் தாள் தயாராகிவிட்டது. தலைமையாசிரியர் அதில் ரப்பர் ஸ்டாம்பும் அடித்தார்.

மறுநாள் காலையில் தேர்வு தொடங்கியது. ஆரோக்கியசாமிக்கு ஜோடி ஞானமேரி டீச்சர். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பெண்மணி. கொடுத்த விதியை அப்படியே கடைப்பிடிப்பதைத் தவிர வேறு எந்தக் கெட்ட பழக்கமும் அவரிடம் இல்லை. முதல் நாள் மூன்று ஜோடிகளுக்குமாக இருபது பேர். நான்கு பேர் தேறவில்லை, நான்கு பேரும் இந்த ஜோடியிடம் வந்தவர்கள். மதிப்பெண்ணில் அங்கங்கே இடித்தது, ஆனாலும் ஆரோக்கியசாமி வழக்கம்போல் டீச்சர் பக்கமே சாய்ந்துவிட்டார். அந்த நான்கு பேரும் சாயங்காலமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் ராசம்மாள் வந்தாள். சங்ககிரிப் பக்கம் ஒரு கிராமத்து டீச்சர். கணவன் லாரி ஓட்டுகிறவன், எட்டு நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால் அதிகம். இரண்டு சின்னப் பிள்ளைகள். தேறாவிட்டால் எந்த மூலைக்குத் தூக்கியடிப்பார்களோ, பிள்ளைகளை எங்கே விடுவது என்று முகாம் முழுக்க அரைத் தூக்கத்தில் படித்தவள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வண்டி அட்டை வந்தது.

தடுக்கித் தடுக்கித்தான் ஆரம்பித்தாள். போன மாதம் நடந்ததை இப்போது நடப்பதுபோலச் சொன்னாள். சவ்வரிசி மூட்டை ஏற்றிய லாரி. எதிரே வந்த மாட்டுக்கு ஒதுங்கியபோது ஒரு சக்கரம் இறங்கிவிட்டது. எதில் இறங்கியது? அங்கே நின்றாள். வாய்க்காலுக்கு ஆங்கிலச் சொல் அவளுக்கு வரவில்லை. கையால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள். "ரோட்டோரத்தில், மழைத் தண்ணீர் போகிற தாழ்ந்த இடம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மேலே போனாள். மூட்டைகளை இறக்கினார்கள், சக்கரத்துக்கு அடியில் கல் போட்டார்கள், பெரிய பிள்ளைகளை அவள் சாலையில் இரண்டு பக்கமும் நிறுத்தி மற்ற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்தச் சொன்னாள்.

"டிரைவர் என்ன சொன்னார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் ஆரோக்கியசாமி.

ராசம்மாள் முதன்முறையாகச் சிரித்தாள். "மாட்டின் மேல் தப்பு என்றார். மாடு ஒன்றும் சொல்லவில்லை" என்றாள், அதே உடைந்த ஆங்கிலத்தில்.

இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு அவள் வெளியே போனதும் ஆரோக்கியசாமி உற்சாகமாக எழுதினார். சரளம் மூன்று, பிழையின்மை இரண்டு, சொல்வளம் நான்கு. ஒன்பது. ஞானமேரி டீச்சர் தாளைத் திருப்பினார். இரண்டு, இரண்டு, இரண்டு. ஆறு. சராசரி ஏழரை. அரை மதிப்பெண்ணில் போய்விட்டது.

"டீச்சர், சொல்வளம் ரெண்டா? வாய்க்காலுக்கு வார்த்தை தெரியாம எவ்வளவு அழகா சொல்லுச்சு அந்தப் பொண்ணு!"

"வித்தியாசம் ரெண்டு. உங்க விதிப்படி மாதிரித் தாளைப் பாக்கலாம்" என்று டீச்சர் அதை எடுத்துவைத்தார். "தலைமையாசிரியர் பேச்சுக்கு சொல்வளம் அஞ்சு. நீங்கதான் போட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம, பெரிய பெரிய வார்த்தையா பாடம் சொன்னா அஞ்சுன்னா, சின்ன வார்த்தையா சொந்தமா சொன்னா என்ன? ரெண்டே அதிகம். நான் அளவுகோலைப் பாக்கலை சார், மாதிரியைத்தான் பாத்தேன். அப்படித்தானே பழக்கினீங்க?"

அந்த அம்மாள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. தாம் ஆசையாசையாகச் செய்த அளவுகோலைத் தம் வாயாலேயே கோணலாக்கி, ஸ்டாம்பு வேறு அடிக்கவைத்தாயிற்று. ஜன்னல் வழியே பார்த்தார். ராசம்மாள் வேப்பமரத்தடியில் நின்று, யாரிடமோ கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, தம் மீதே பொல்லாத கோபமும் வந்தது.

மாதிரித் தாளை இழுத்தார். தண்டாயுதபாணியின் பெயருக்கு நேரே சொல்வளம் ஐந்தை அடித்து ஒன்று என்று எழுதினார். சரளம் ஐந்தை அடித்து இரண்டு என்றார். பிழையின்மையை மட்டும் விட்டுவைத்தார். பதினான்கு வருடம் பழகிய பேச்சில் பிழை எங்கே வரும்?

நல்ல நேரம் பார்த்துத் தண்டாயுதபாணி அறைக்குள் வந்தார். சிவப்பு மை இன்னும் காயவில்லை.

"என்னய்யா இது?"

"உங்க மார்க் சார்." பேனாவை மூடினார். "அன்னைக்கு பயந்துட்டு தப்பா போட்டுட்டேன். இதுதான் சரி."

தண்டாயுதபாணி எந்தப் பத்தியும் சொல்லவில்லை. முகம் மட்டும் கறுத்தது. "அடுத்த வருஷம் உம்மை வேற பள்ளிக்கூடத்துல பாக்கிறேன்" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சொன்னபடியே செய்தார், அது வேறு கதை.

ஞானமேரி டீச்சர் ரப்பரை எடுத்துத் தம் தாளில் இரண்டை அழித்து நான்கு எழுதினார். எட்டும் ஒன்பதும், எட்டரை. ராசம்மாள் தேறிவிட்டாள். ஆரோக்கியசாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஏதோ கோட்டையைப் பிடித்தவர்போல நாற்காலியில் சாய்ந்தார்.

"ஏன் சார்," என்றார் டீச்சர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "நேத்து ஊருக்குப் போன நாலு பேருக்கும் இதே மாதிரித் தாளை வச்சுத்தானே போட்டோம்?"

ஆரோக்கியசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்கு பேருடைய முகமும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வாழப்பாடியிலிருந்து வந்திருந்த, தலை நரைத்த மனிதர் போகும்போது அவருக்கு வணக்கம்கூடச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் நான்கு தபால் அட்டைகள் எழுதினார். மறுதேர்வுக்கு வரவும் என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு நான்கிலும் ஒரே வாக்கியத்தை எழுதினார்: 'தங்கள் பேச்சில் குறையில்லை. பரிசோதகர் ஆரோக்கியசாமி தம் மேலதிகாரிக்குப் பயந்தவர்.'